டெலிவரி கொடுத்த ஃபைல்களில் ஒரு கலைச்சொல் மாறிவிட்டது – கிளையண்டுக்கு மெயில் எப்படி எழுதுவது?

தெப்பக்குளம் கவி
வணக்கம். கொஞ்சம் அவசரம். கொடுத்து முடித்த மொழிபெயர்ப்பு ஃபைல்களில் கிளாசரி சொல் ஒன்று மாறிவிட்டது. எல்லா ஃபைலிலும் மாற்றியாச்சு. அதைச் சொல்லி கிளையண்டுக்கு மரியாதையாக நாலு வரி மெயில் வேண்டும். மாலைக்குள் போகணும். யாராவது மாதிரி கொடுங்களேன்.

உசிலை மணி
எந்தச் சொல் எதுவாக மாறியது? யார் மாற்றச் சொன்னார்கள்? ஃபைல் வேர்டா, டிராடோஸா? பழைய ஃபைல் இப்போது யார் கையில் இருக்கிறது? இது தெரியாமல் மாதிரி கொடுத்து என்ன பயன்?

திருமங்கலம் செல்வி
கவி, முதலில் பணத்தைப் பற்றி எழுதுங்கள். எனக்கு ஒரு ஏஜென்சி, டெலிவரிக்குப் பிறகு திருத்தம் வந்தது என்று சொல்லியே பில்லில் பிடித்தது. தரக்குறைவு என்று எழுத இடம் கொடுக்காதீர்கள்.

பழைய பிழைதிருத்தி
இதற்கு ஓர் இழையா? Ctrl+H போட்டு மாற்றி, "திருத்திய ஃபைல் இணைப்பில்" என்று ஒரு வரி அனுப்பினால் முடிந்தது. தொழிலுக்கு வந்த முதல் வாரத்திலேயே தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

தெப்பக்குளம் கவி
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். மருந்து ஆய்வுக்கான ஒப்புதல் படிவங்கள். 9 ஃபைல், டிராடோஸ். கிளையண்ட் சென்னை ஏஜென்சி. டெலிவரிக்குப் பிறகு ஸ்பான்சர் புது கிளாசரி அனுப்பினாராம், "நோயாளி" வேண்டாம், "பங்கேற்பாளர்" போடுங்கள் என்று. கோஆர்டினேட்டர் போனில் சொன்னார். எடிட்டரிலேயே Replace All கொடுத்தேன்.

வைகைக்கரை
கவி, மெயிலைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். ஏதாவது ஒரு ஃபைலைத் திறந்து "பங்கேற்பாளர்யின்", "பங்கேற்பாளர்யை" என்று தேடிப் பாருங்கள். நோயாளியின், நோயாளியை என்பதில் முன்பாதி மட்டும் மாறினால் அப்படித்தான் நிற்கும். "பங்கேற்பாளர்க்கு" என்று வந்தது "பங்கேற்பாளருக்கு" ஆக வேண்டும். "நோயாளிகள்" மட்டும் தானாகச் சரியாக விழும். முதல் பக்கத்தில் அது கண்ணில் பட்டால் எல்லாம் சரி என்று தோன்றிவிடும்.

அடுத்தது புறநோயாளி, உள்நோயாளி. பெரியாஸ்பத்திரிப் பலகையில் இருக்கிற அதே சொல் படிவத்திலும் வரும், "புறநோயாளிகள் பிரிவுக்கு வரவும்" என்று. அது "புறபங்கேற்பாளர்கள் பிரிவு" ஆகியிருக்கும். Replace All கொடுப்பதற்கு முந்தைய ஃபைல்களை எடுத்து, இதைப் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். டிராடோஸ் தேடலில் ரெகுலர் எக்ஸ்பிரஷனை டிக் செய்ய வேண்டும்:

```
(?<!(உள்|புற|வெளி)\s?)ந(\u0BCB|\u0BC7\u0BBE)யாளி
```

நடுவில் இரண்டு வழி கொடுத்ததற்குக் காரணம், "நோ"வில் உள்ள ஓகாரக் குறி சில ஃபைல்களில் ஒரே குறியீடாகவும் சிலவற்றில் ஏகாரக் குறியும் கால் குறியும் தனித்தனியாகவும் இருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். தேடலுக்கு அப்படியில்லை. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய உரை கலந்திருந்தால் இது அடிக்கடி வரும்.

உசிலை மணி
அண்ணே, இன்னொன்று. ஒப்புதல் படிவத்தில் "இதே நோயுள்ள மற்ற நோயாளிகளுக்கு இந்த ஆய்வு எதிர்காலத்தில் உதவலாம்" என்று ஒரு வரி எப்போதும் இருக்கும். அவர்கள் ஆய்வில் சேராதவர்கள். அந்த வரியில் பங்கேற்பாளர் வந்தால் அர்த்தமே மாறிவிடும்.

வைகைக்கரை
சரியாகச் சொன்னீர்கள் தம்பி. ஆங்கில மூலத்தில் patient என்று இருக்கும் வரிகளை மட்டும் வடிகட்டி, ஆய்வில் சேர்ந்தவரைச் சொல்கிறதா, பொதுவாகச் சொல்கிறதா என்று படித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அப்புறம், நோயாளிக்கு முன்னால் ஒற்று மிகாது, பங்கேற்பாளருக்கு முன்னால் மிகும். "இந்த நோயாளி" என்பது "இந்தப் பங்கேற்பாளர்".

பழைய பிழைதிருத்தி
ஒற்றெல்லாம் ஸ்பான்சர் பார்க்கப்போவதில்லை. டிராக் சேஞ்ச் போட்டு அனுப்பினால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

வைகைக்கரை
டிராக் சேஞ்ச் நல்ல யோசனை, அதை ஏற்கிறேன். வேர்டில் Review போய் Compare கொடுத்தால் பழையது புதியது இரண்டையும் ஒப்பிட்ட ஃபைல் கிடைக்கும், அதையும் இணைக்கலாம். ஆனால் "திருத்திய ஃபைல் இணைப்பில்" என்ற ஒரு வரி இங்கே போதாது. மருந்து ஆய்வு ஒப்புதல் படிவத்துக்கு வெர்ஷன் எண்ணும் தேதியும் உண்டு. நெறிமுறைக் குழு பார்த்து ஒப்புக்கொண்ட படிவத்தில் திருத்தம் வந்தால் மறுபடி குழுவின் ஒப்புதல் வாங்கித்தான் பயன்படுத்த முடியும். குழுவிடம் ஒரு வெர்ஷன், ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்குவது வேறு வெர்ஷன் என்று ஆகிவிடக் கூடாது. போனில் சொன்னதும் எழுத்தில் வரவேண்டும். கவி, என் மாதிரி இது:

> பொருள்: ஒப்புதல் படிவங்கள் (9 ஃபைல்): கலைச்சொல் மாற்றம், முந்தைய டெலிவரிக்குப் பதிலாக
>
> வணக்கம் மேடம்,
> நீங்கள் இன்று போனில் சொன்னபடி, ஸ்பான்சரின் புதிய கிளாசரியைப் பின்பற்றி, 9 ஃபைல்களிலும் "நோயாளி" என்பதை "பங்கேற்பாளர்" என்று மாற்றியிருக்கிறேன். வேற்றுமை உருபும் ஒற்றும் அதற்கேற்பத் திருத்தப்பட்டுள்ளன.
> மாற்றாமல் விட்டவை: புறநோயாளி, உள்நோயாளி, ஆய்வில் சேராத நோயாளிகளைக் குறிக்கும் வரிகள். அவற்றின் பட்டியல் இணைப்பில். இவற்றையும் மாற்ற வேண்டுமென்றால் சொல்லுங்கள்.
> வேறு எந்தச் சொல்லையும் தொடவில்லை. ஒப்பீட்டு ஃபைல்களும் புதுப்பித்த டி.எம்.-மும் இணைப்பில். ஃபைல் பெயர்களின் முடிவில் _v2 சேர்த்திருக்கிறேன். படிவத்துக்குள் இருக்கும் வெர்ஷன் எண்ணை மாற்றவில்லை.
> முந்தைய ஃபைல்கள் பேக் டிரான்ஸ்லேஷனுக்கோ நெறிமுறைக் குழுவுக்கோ போயிருந்தால் எவை என்று தெரிவியுங்கள்.

டி.எம். விஷயத்தில் கவனம். ஃபைலில் மாற்றியது தானாக டி.எம்.-முக்குப் போகாது. Update Main Translation Memories ஓட்டாவிட்டால் அடுத்த புராஜெக்டில் பழைய "நோயாளி"யே நூறு சதவீத மேட்ச்சாக வந்து உட்காரும்.

திருமங்கலம் செல்வி
எல்லாம் சரி அண்ணா, கூலி எங்கே? கிளாசரியை மாற்றியது அவர்கள். மணிக்கணக்கில் பில் போடவேண்டும்.

பழைய பிழைதிருத்தி
ஒரு சொல்லுக்குக் கூலி கேட்டால் அடுத்த வேலை வராது. நான் கேட்டதே இல்லை.

திருமங்கலம் செல்வி
நீங்கள் கேட்காமல் விட்டதால்தான் எங்களாலும் கேட்க முடியவில்லை சார். 9 ஃபைலையும் வரி வரியாகப் படிப்பது ஒரு சொல் வேலையா?

உசிலை மணி
அக்கா சொல்வது நியாயம். ஆனால் இந்த மெயிலில் வேண்டாம். இது பதிவுக்கான மெயில், நாளை ஸ்பான்சருக்கும் அப்படியே போகும். கூலியைத் தனி மெயிலில் கேட்கலாம்.

பழைய பிழைதிருத்தி
தனியாகக் கேட்டாலும் பதில் வராது.

தெப்பக்குளம் கவி
எல்லாருக்கும் நன்றி. வைகைக்கரை சார் சொன்னபடியே புறநோயாளி கெட்டிருந்தது, "யின்"னும் நிறைய. திருத்தி மெயில் அனுப்பிவிட்டேன். இரண்டு ஃபைல் ஏற்கெனவே பேக் டிரான்ஸ்லேஷனுக்குப் போய்விட்டதாம். கோஆர்டினேட்டர் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்.

உசிலை மணி
நல்லது. அந்த இரண்டு ஃபைலுக்கு வெர்ஷன் எண்ணை ஏஜென்சி மாற்றுமா, ஸ்பான்சரா? கேட்டீர்களா கவி?