தீர்வு நாளா, பைசல் நாளா? பங்குத் தரகர் சீட்டுக்கு ஒரு சொல்

மாலதி, காட்பாடி

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். ஓய்வு பெற்றவர்களுக்காக, பங்குத் தரகர் அனுப்பும் கான்ட்ராக்ட் நோட்டைத் தமிழில் விளக்கி நாலு பக்கத்தில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். தரகு, நிகர விலை எல்லாம் சுலபமாக வந்துவிட்டன. செட்டில்மென்ட் டேட் என்ற இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். முதலில் "தீர்வு நாள்" என்று போட்டேன். அப்பா படித்துவிட்டு, "வரி கட்ட வேண்டிய கடைசி நாளா இது?" என்று கேட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அதே பக்கத்தில் மூன்று வரி தள்ளி "முத்திரைத் தீர்வை" என்று நானேதான் எழுதியிருந்தேன். தீர்வு, தீர்வை இரண்டையும் ஒரே தாளில் வைத்தால் கண்ணாடி போட்டுப் படிப்பவர்கூடக் குழம்புவார். வேறு சொல் வேண்டும்.

சண்முகம், குடியாத்தம்

அம்மா, செட்டில்மென்டுக்குத் தமிழே தேவையில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சொல். போன வருஷம் என் பெரியப்பா வீட்டைப் பெண்ணுக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தார். சார்பதிவாளர் அலுவலகத்தில் யாரும் அதற்குத் தமிழ்ச் சொல் தேடவில்லை. பங்கையும் அப்படியே பெண் பேருக்கு எழுதிவைக்கலாமா?

மாலதி

சண்முகம் அண்ணா, நீங்கள் சொல்வது தான செட்டில்மென்ட் பத்திரம். இது வேறு. ஆனால் ஒரு விதத்தில் உங்கள் கடிதம் எனக்கு உதவிதான். செட்டில்மென்ட் என்று அப்படியே விட்டால் நம் ஊர்க்காரர்கள் பத்திரத்தைத்தான் நினைப்பார்கள் என்று தெரிந்துவிட்டது.

துரைசாமி, ராணிப்பேட்டை

முப்பது வருஷம் ஆடிட்டர் அலுவலகத்தில் இந்தச் சீட்டுகளை வைத்துத்தான் கணக்கு எழுதினேன். சொல்லைத் தேடும் முன் அந்த நாளில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். மாலதி, அப்பாவின் சீட்டு ஏதாவது இருந்தால் பெயரை மறைத்து எண்களை மட்டும் போடுங்கள்.

மாலதி

இருக்கிறது. அதில் ஒரு சண்டையும் நடந்தது. 2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை. பல வருஷமாக வைத்திருந்த 100 பங்குகளை 400 ரூபாய் வீதம் விற்றார். சீட்டில் தரகு பங்குக்கு 1.20, நிகர விலை 398.80, மொத்தம் 39,880. அதன் கீழே பங்குப் பரிவர்த்தனை வரி 40, சந்தைக் கட்டணம் 1.19, செபி கட்டணம் 0.04, மத்திய, மாநில ஜிஎஸ்டி தலா 10.91. கடைசியில் வரவேண்டிய தொகை 39,816.95. செவ்வாய்க்கிழமை வரை பணம் வரவில்லை. அப்பா சத்துவாச்சாரிக்கு பஸ் ஏறி, தரகர் கிளையில் போய் சத்தம் போட்டுவிட்டு வந்தார்.

இம்ரான், ஆம்பூர்

சத்தம் போட்டது சரிதான். 2023 ஜனவரி முதல் எல்லாப் பங்குக்கும் T+1, அதாவது வியாபாரம் நடந்த அடுத்த நாளே கணக்கு முடிக்கும் முறை, வந்துவிட்டது. வெள்ளி விற்றால் திங்கள் பணம். திங்கள் ரம்ஜான், ஒப்புக்கொள்கிறேன், நானே அன்று பெருநாள் தொழுகையில் இருந்தேன். ஆனால் செவ்வாய் ஏப்ரல் 1 சந்தை திறந்திருந்தது. அன்று நான் வாங்கியிருக்கிறேன். தரகர் பணத்தை ஒரு நாள் வைத்துச் சுழற்றியிருக்கிறார்.

துரைசாமி

இம்ரான் தம்பி பாதி சரி. சந்தை திறந்திருந்தது உண்மை. ஆனால் ஏப்ரல் 1 வங்கிகள் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாள். வியாபாரம் உண்டு, பணப் பட்டுவாடா கிடையாது. T+1 என்பதில் அந்த ஒன்று காலண்டர் நாள் அல்ல, பட்டுவாடா நடக்கும் நாள். ஆகவே வெள்ளிக்கிழமை விற்றது புதன், ஏப்ரல் 2 அன்றுதான் முடிந்திருக்கும். சீட்டின் மேல் பகுதியில், செட்டில்மென்ட் எண்ணுக்குப் பக்கத்தில் அந்தத் தேதியே அச்சாகியிருக்கும். பாருங்கள்.

மாலதி

பார்த்தேன். 02-04-2025. அப்பா சீட்டின் தேதியை மட்டும் பார்த்திருக்கிறார். புதன்கிழமை தரகர் கணக்கில் வரவு வந்துவிட்டது. ஆனால் 39,801.02. இன்னும் 15.93 எங்கே போனது?

துரைசாமி

அது டீமேட் கணக்கிலிருந்து பங்கை வெளியே எடுத்ததற்கான கட்டணம். விற்றால்தான் வரும். கான்ட்ராக்ட் நோட்டில் இருக்காது, தரகரின் லெட்ஜரில் தனி வரியாக வரும். கையேட்டில் இதை அவசியம் எழுதுங்கள். சீட்டைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்து "திருடுகிறார்கள்" என்று சொன்ன எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. ஜிஎஸ்டி 21.82 எப்படி வந்தது என்று காட்ட, கீழே தரகு 120 ரூபாய் மறுபடி ஒருமுறை அச்சாகியிருக்கும். அது வரி போட எடுத்துக்கொண்ட தொகை. தரகையும் சந்தை, செபி கட்டணங்களையும் கூட்டினால் 121.23, அதில் 18 சதவீதம். இந்தச் சீட்டில் தரகு 398.80 என்ற நிகர விலைக்குள்ளேயே கழிந்துவிட்டது. மறுபடி கழிக்கக் கூடாது. எல்லாத் தரகர் சீட்டும் இப்படி இருக்காது. மொத்தம் 40,000 என்று இருந்தால் தரகு கீழேதான் கழியும், 39,880 என்று இருந்தால் மேலேயே கழிந்தாயிற்று.

முத்திரைத் தீர்வை வாங்குகிறவருக்கு மட்டும். அப்பா விற்றதால் சீட்டில் அந்த இடம் காலியாக இருக்கும்.

இம்ரான்

சரி, ஏப்ரல் 1 விஷயத்தில் நான் தப்பு. தரகரிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை, ஆனால் தப்பு.

சொல்லுக்கு வருகிறேன். எங்கள் தோல் மண்டியில் கணக்கு முடித்தால் "பைசல்" என்போம். பேரம் படிந்தது வெள்ளி, பைசல் ஆனது புதன். "பேர நாள்", "பைசல் நாள்". அப்பாக்கள் ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படாது.

எழிலன், வேலூர்

கலைச்சொல் குழுவில் உருதுச் சொல்லா? "ஒப்படைப்பு நாள்" என்பதே நல்ல தமிழ். விற்றவர் பங்கை ஒப்படைக்கிறார், வாங்கியவர் பணத்தை ஒப்படைக்கிறார்.

இம்ரான்

எழிலன் சார், ஆற்காட்டு நவாப் காலத்திலிருந்து இங்கே இருக்கிற சொல்லை இனி எங்கே அனுப்புவது? போன வாரம் நீங்களே "அந்தப் பிரச்சினையைப் பைசல் பண்ணிட்டேன்" என்று எழுதினீர்கள். தேடினால் கிடைக்கும்.

துரைசாமி

எனக்கு பைசல் பிடித்திருக்கிறது. ஒப்படைப்பில் ஒரு சிக்கல்: விற்றவர் பங்கைக் கொடுப்பது மட்டும்தான் அதில் தெரிகிறது, பணம் வருவது தெரியவில்லை. பைசல் என்றால் இரண்டு பக்கமும் முடிந்தது.

எந்தச் சொல் வைத்தாலும் இரண்டு நாளையும் பிரித்துக் காட்டுங்கள். வருமான வரிக்கு இது முக்கியம். அப்பா விற்றது மார்ச்சில், பணம் வந்தது ஏப்ரலில். லாபம் எந்த நிதியாண்டில்? பேர நாள்தான் கணக்கு. பின்னால் பங்கு உண்மையாகவே கைமாறியிருந்தால், தரகர் சீட்டின் தேதியையே விற்ற தேதியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 1995லேயே நேரடி வரி வாரியம் 704ஆம் சுற்றறிக்கையில் சொல்லிவிட்டது. ஆகவே இது 2024-25 கணக்கில் வரும். பணம் வந்த நாளை வைத்து அடுத்த வருஷத்தில் காட்டினால் நோட்டீஸ் வர வாய்ப்புண்டு.

எழிலன்

பிரித்துக் காட்ட வேண்டும் என்பதை ஏற்கிறேன். பேர நாள் நல்ல சொல். பைசலுக்கு என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

மாலதி

பதிவு செய்தாயிற்று. கையேட்டில் "பேர நாள்", "பைசல் நாள்" போடுகிறேன், எழிலன் சாருக்காக அடைப்பில் ஒப்படைப்பும் வைக்கிறேன். அப்பாவிடம் காட்டினேன். "பணம் வரும் நாள்னு போட்டா என்ன கெட்டுச்சு?" என்கிறார்.

துரைசாமி

வாங்குகிறவருக்கு அன்றைக்குப் பணம் போகும் அம்மா.

சண்முகம்

எல்லாம் படித்தேன். பெரியப்பா பெண்ணுக்குப் பங்கு எழுதிவைப்பது பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே?