பாடல் படிவத்தில் ‘மெட்டாடேட்டா’வுக்கும் ‘மூட்’டுக்கும் என்ன போடலாம்?

தேன்மொழி:

எல்லோருக்கும் வணக்கம். சொந்தமாகப் பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, பதிவு செய்து வெளியிடுகிறவர்கள் நிரப்பும் ஒரு படிவத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி இரவுக்குள் அனுப்ப வேண்டும். படிவத்தின் தலைப்பே ‘மெட்டாடேட்டா’. கீழே லிரிசிஸ்ட், கம்போசர், சிங்கர், லாங்வேஜ், மூட், சர்ச் டெர்ம்ஸ் என்று ஆறு கட்டங்கள். முதல் நான்கும் சுலபம் என்று நினைத்து உட்கார்ந்தேன், ‘மூட்’டில் வண்டி நின்றுவிட்டது. ‘மனநிலை’ என்றால் மருத்துவமனைச் சீட்டு மாதிரி இருக்கிறது. ‘பாவம்’ என்று போட்டால், தமிழ் எழுத்தில் அது எந்தப் பாவம் என்று யாருக்குத் தெரியும்? “பாவம்: சோகம்” என்று திரையில் பார்த்து நானே சிரித்துவிட்டேன். உதவுங்கள்.

அரசு:

முதலில் தலைப்பை முடிப்போம். மீத்தரவு. ‘மீ’ என்றால் மேல். தரவுக்கு மேல் நின்று அதைப் பற்றிச் சொல்வது மீத்தரவு, வேறு பேச்சே வேண்டாம். இணையத்தில் பலர் ‘மீதரவு’ என்று ஒற்று இல்லாமல் எழுதுகிறார்கள், அது பிழை. வள்ளுவர் “மீக்கூறும் மன்னன் நிலம்” என்றார் (386), ‘மீகூறும்’ என்றா சொன்னார்? இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிரேக்கத்தின் ‘மெட்டா’வும் நம் ‘மீ’யும் ஒரே வேர்தான் என்பது என் நெடுநாளைய கருத்து. மீ, மிசை, மேல், மேடு, மெட்டு என்று போய்ப் பாருங்கள். பாட்டின் ‘மெட்டு’கூட அங்கேதான் வந்து நிற்கும்.

புலவர் ஐயா:

தம்பி அரசு, ஒற்று சரி. கிரேக்கத்தை விட்டுவிடுங்கள், அங்கே அந்த முன்னொட்டுக்கு ‘பின்’, ‘உடன்’ என்றெல்லாம் பொருள், மேடு இல்லை. அதைவிட எனக்கு உறுத்துவது ‘தரவு’. பாட்டுக்காரர்களிடம் போய்த் தரவு என்றால், கலிப்பாவின் முதல் உறுப்பு என்றல்லவா நினைப்பார்கள்? தரவு, தாழிசை, தனிச்சொல், சுரிதகம். பாட்டுப் படிவத்தில் அந்தச் சொல்லை வேறு பொருளில் வைப்பது வேடிக்கை.

அம்மா தேன்மொழி, நீங்கள் தேடுகிற படிவம் நம்மிடம் பழையது. பரிபாடல் ஐந்தாம் பாட்டின் கீழே பாருங்கள்: பாட்டு கடுவன் இளவெயினனார், இசை கண்ணனாகனார், பண் பாலையாழ். எழுதியவர் வேறு, இசை வகுத்தவர் வேறு என்று பிரித்தே குறித்திருக்கிறார்கள். ‘மூட்’டுக்கு மெய்ப்பாடு என்று போடுங்கள். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. எட்டும் தொல்காப்பியத்தில் தயாராக இருக்கின்றன.

தேன்மொழி:

ஐயா, பரிபாடல் குறிப்பு அருமை, படிவத்தின் முன்னுரையிலேயே போட ஆசை. ஆனால் இளிவரல் பாட்டு என்று யார் தேடுவார்கள்?

ரமேஷ்:

ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கிறவன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே மூன்று விஷயங்கள் குழம்புகின்றன. கோப்புக்குள் இருக்கும் குறியீட்டை யாரும் மொழிபெயர்க்க வேண்டாம், அது உலகம் முழுக்க ஒன்றுதான். எம்பி3 கோப்பில் இப்படி இருக்கும்:

```
TEXT  எழுதியவர் பெயர்
TCOM  மெட்டமைத்தவர் பெயர்
TPE1  பாடியவர் பெயர்
TLAN  tam
TMOO  அமைதி
```

இதில் கடைசி வரி, இந்தக் குறியீட்டு முறையான ஐடி3-இன் இரண்டு புள்ளி நான்காம் பதிப்பில்தான் வந்தது. பழைய பதிப்பில் சேமித்தால் அந்த வரி காணாமல் போகலாம். அதனால் ‘மூட்’ என்பதைக் கோப்பில் மட்டும் எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது, படிவத்திலும் வேண்டும். இரண்டாவது, படிவத்தில் தெரியும் பெயர். தேன்மொழி கேட்பது அது மட்டும்தான். மூன்றாவது, கட்டத்துக்குள் நிரப்பும் சொல். புலவர் ஐயாவின் எட்டும் இந்த மூன்றாவதுக்கு வருபவை, முதல் இரண்டுக்கு அல்ல. கட்டத்தின் பெயர் மெய்ப்பாடு என்று இருந்தாலும், உள்ளே ‘சோகம்’ என்று இருந்தால்தான் சோகப் பாட்டு தேடுகிறவருக்குக் கிடைக்கும்.

அப்புறம், எழுதியவரும் மெட்டமைத்தவரும் ஒரு பக்கம், பாடியவர் இன்னொரு பக்கம். முதல் இருவர் பாட்டு என்ற படைப்புக்கு உரியவர்கள். பாடியவர் அந்த ஒரு பதிவுக்கு உரியவர். அதே பாட்டை நாளை வேறொருவர் பாடிப் பதிவு செய்தால் பதிவுக்கான பன்னிரண்டு எழுத்து ஐஎஸ்ஆர்சி எண் புதிதாக வாங்க வேண்டும், ஆனால் எழுதியவர், மெட்டமைத்தவர் வரிகள் அப்படியே இருக்கும். அந்த இரண்டு வரியும் காலியாகவோ பிழையாகவோ இருந்தால், பாட்டு எத்தனை முறை ஒலித்தாலும் அவர்களுக்கான உரிமைத்தொகை யாருக்கு என்று தெரியாமல் தேங்கி நிற்கும்.

செல்வி:

உரிமைத்தொகை என்றதும் கேட்கிறேன், பாட்டை எந்த அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும்? என் பாட்டுக்கு நடந்ததையும் சொல்கிறேன். தலைப்பை ஆங்கில எழுத்தில் தட்டினேன், அதனால் மொழி என்ற இடத்தில் ஆங்கிலம் என்று தேர்ந்தெடுத்துவிட்டார்கள். பாட்டு முழுக்கத் தமிழ். ஒரு மாதம் ஆங்கிலப் பாட்டுகளோடு கிடந்தது. என் அத்தை மகன் தேடிக்கூடக் கிடைக்கவில்லை.

ரமேஷ்:

செல்வி அக்கா, பதிவு பற்றித் தனி இழையில் பேசலாம். ஆனால் நீங்கள் சொன்னது இந்தப் படிவத்துக்கு ரொம்ப முக்கியம். மொழி என்பது ஒரு கட்டம் அல்ல, இரண்டு. பாட்டில் கேட்கும் மொழி ஒன்று, தலைப்பு எழுதப்பட்ட மொழி இன்னொன்று. ஆங்கிலப் படிவங்களிலேயே பாதி இடத்தில் இது குழப்பமாகத்தான் இருக்கிறது. ‘மொழி’ என்று மட்டும் எழுதினால் அக்காவுக்கு நடந்தது எல்லோருக்கும் நடக்கும். ‘பாடலின் மொழி’, ‘தலைப்பின் மொழி’ என்று பிரிக்கச் சொல்கிறேன். வெறும் நாதஸ்வர இசை என்றால் முதல் கட்டத்தில் ‘சொற்கள் இல்லை’ என்று இருக்க வேண்டும், அதற்கென்று zxx என்ற மொழிக் குறியீடே உண்டு.

ஜெயந்தன் (யாழ்ப்பாணம்):

நான் கம்போசருக்கு வாறன். எல்லாரும் ‘இசையமைப்பாளர்’ எண்டு முடிச்சிட்டியள் போல. சினிமாவில அந்தச் சொல்லுக்குள்ள மெட்டு, வாத்தியக் கோப்பு, பின்னணி எல்லாம் அடங்கிப்போச்சு. ஆனா வீட்டிலிருந்து பாட்டு வெளியிடுற பிள்ளையள் அப்பிடியில்லை. மெட்டுப் போடுறது ஒருத்தர், கணினியில வாத்தியங்களைச் சேர்க்கிறது இன்னொருத்தர். ‘இசை’ எண்டு ஒரே கட்டம் வச்சால் வாத்தியம் சேர்த்தவர் தன்ர பெயரைப் போட்டிட்டுப் போயிடுவார், பிறகு சண்டை. ‘மெட்டமைத்தவர்’ எண்டு எழுதினால் தெளிவு.

அரசு:

மெட்டு ஓசைக்கு மட்டும். நான் ‘பண்ணமைத்தோர்’ என்பேன். மெட்டின் வேர் பற்றி நான் எழுதியதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

புலவர் ஐயா:

பண் என்றால் இன்ன பண் என்று பெயர் சொல்ல வேண்டும் தம்பி. இளைஞர்கள் போடும் எல்லா மெட்டுக்கும் பண் உண்டா? மெட்டமைத்தவர் நன்று. ஆனால் ‘பாடியவர்’ என்பதில் எனக்கு ஓர் ஐயம். புறநானூற்றில் ஔவையார் பாடியது என்றால் அவர் இயற்றியது. இன்று பாடியவர் என்றால் குரல் கொடுத்தவர். ஒரே படிவத்தில் தமிழாசிரியர் ஒருவர் உட்கார்ந்தால் தம் பெயரை எந்தக் கட்டத்தில் எழுதுவார்?

தேன்மொழி:

ஐயா, அதற்காகத்தான் முதலில் ‘எழுதியவர்’ என்று ஒரு கட்டம் வருகிறதே. அவர் அங்கேயே எழுதிவிடுவார். பாடகர், பாடகி என்று பிரிக்க வேண்டியதில்லை என்பதும் எனக்கு வசதி. எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர் என்று மூன்றும் ஒரே வாய்பாட்டில் வருகின்றன.

சரி, மூட்டுக்கு வருவோம். சோதனைக்காக என் தோழியின் தாலாட்டு ஒன்றை எடுத்து நிரப்பிப் பார்த்தேன். கணவன் வளைகுடாவில், அம்மா தொட்டிலை ஆட்டுகிறாள். சொற்கள் அழுகை, மெட்டு தூக்கம் வரவழைக்கிற மெட்டு. கட்டத்தில் என்ன எழுதுவது? பாடுகிறவளின் உணர்வா, கேட்கிற குழந்தையின் உணர்வா?

புலவர் ஐயா:

நல்ல கேள்வி. எட்டில் அமைதி இல்லைதான். ஆனால் அதே மெய்ப்பாட்டியலில் பின்னால் வரும் நூற்பா ஒன்றில் உடைமை, இன்புறல், நடுவுநிலை, அருளல் என்று தொடரும் பட்டியலில் நடுவுநிலை இருக்கிறது. அதை எடுத்துக்கொள்ளலாம்.

ஜெயந்தன் (யாழ்ப்பாணம்):

ஐயா கோவிக்கக் கூடாது, “நடுவுநிலைப் பாட்டு” எண்டு தேடினால் தேர்தல் ஆணையம்தான் வரும்.

ரமேஷ்:

மூட் கட்டம் கேட்கிறவருக்காக. இரவில் பிள்ளையைத் தூங்க வைக்கப் பாட்டுத் தேடுகிறவர் கையில் இந்தப் பாட்டு போய்ச் சேர வேண்டும், அதனால் ‘அமைதி’. பிரிவுத் துயரம் தேடுசொல் கட்டத்துக்குப் போகட்டும்: தாலாட்டு, தொட்டில், பிரிவு, வெளிநாட்டில் அப்பா. ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்கள் அதிகம், ஆகவே thalattu, thaalaattu இரண்டும் சேர்க்க வேண்டும். தயவுசெய்து இவற்றைத் தலைப்பில் ஒட்டாதீர்கள். “தாலாட்டு சோகப் பாட்டு அம்மா பாட்டு” என்று தலைப்பு வந்தால் பாட்டை விநியோகிப்பவர்கள் திருப்பி அனுப்புவார்கள்.

ஒரு தொல்லை இன்னும் உண்டு. ‘தொட்டில்’ என்பதில் வரும் ‘தொ’வை ஒகரக் குறி ஒன்றாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடினால் ஒன்று மற்றொன்றோடு பொருந்தாது. சொல் சரியாக இருந்தும் பாட்டு அகப்படவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள். படிவம் வாங்கும்போதே ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடும்படி அந்த நிரலாளரிடம் சொல்லுங்கள். ‘சௌ’வின் கடைசிக் குறிக்குப் பதிலாக ‘ள’ என்ற எழுத்தையே தட்டுகிறவர்களை மட்டும் அது காப்பாற்றாது.

செல்வி:

என் பாட்டுத் தலைப்பில் ‘சௌ’ வருகிறது. இப்போது பயமாக இருக்கிறது.

தேன்மொழி:

நேரமாகிவிட்டது, இப்படி அனுப்பப் போகிறேன். மேலே ‘பாடல் விவரங்கள்’. கீழே எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர், பாடலின் மொழி, தலைப்பின் மொழி, உணர்வு, தேடுசொற்கள். ‘உணர்வு’ எனக்கே முழுத் திருப்தி இல்லை, ஆனால் பார்த்ததும் யாரும் திகைக்க மாட்டார்கள். கலைச்சொல் பட்டியலில் மட்டும் மீத்தரவு என்று ஒற்றோடு பதிந்துவைக்கிறேன்.

அரசு:

படிவத்தில் இல்லாத சொல் பட்டியலில் இருந்து என்ன பயன்? ‘விவரம்’ வடசொல். ‘பாட்டுக் குறிப்பு’ என்றாவது போட்டிருக்கலாம். என் மறுப்பைப் பதிவு செய்யவும்.

புலவர் ஐயா:

பாட்டுக் குறிப்பு எனக்கும் பிடிக்கிறது. மெய்ப்பாட்டைக் கைவிட்டதில் வருத்தம்தான்.

ஜெயந்தன் (யாழ்ப்பாணம்):

தங்கச்சி, அனுப்ப முதல் ஒண்டு. வாத்தியம் சேர்த்தவருக்குக் கட்டம் எங்கே?

தேன்மொழி:

மூலப் படிவத்திலேயே இல்லை அண்ணா. கேட்டு எழுதியிருக்கிறேன். கட்டம் கொடுத்தால் அதற்கு ஒரு பெயர் வேண்டும், அதற்கு அடுத்த வாரம் வருகிறேன்.

அரசு:

இசைக்கோப்பாளர். ‘கோ’ என்ற வேரிலிருந்து தொடங்குகிறேன்.