பாஸ்வேர்டை ரீசெட் பண்ணலாம் என்றால் அது ஜீரோ நாலெட்ஜா?

குமுளிக் கணக்கர்: ஏலக்காய்க் கடைகள் நாலைந்துக்குக் கணக்கு எழுதுகிறேன். ஒரு பேக்கப் நிறுவனம் "ஜீரோ நாலெட்ஜ், எங்களாலேயே படிக்க முடியாது" என்கிறது. பாஸ்வேர்ட் மறந்தால் மெயிலில் ரீசெட் பண்ணலாமாம். நம்பலாமா?

கம்பத்துக்காரன்: ஏஇஎஸ் 256 என்ற பூட்டு முறை போட்டிருக்கிறதா பாருங்கள் அண்ணே. இருந்தால் போதும், யாராலும் உடைக்க முடியாது.

மலைப்பாதை: பூட்டை யாரும் உடைக்கப் போவதில்லை தம்பி, சாவி யார் கையில் என்பதுதான் விஷயம். சாவி அவர்களிடம் இருந்தால் ஹார்டு டிஸ்க் திருடியவனுக்குப் படிக்க வராது. அவர்கள் ஊழியருக்கும், கோர்ட் உத்தரவோடு வருபவருக்கும் வரும்.

கணக்கரே, புதிதாக ஒரு கணக்குத் தொடங்கி பழைய பில் ஒன்றை ஏற்றுங்கள். பிறகு, அதில் ஒருமுறையும் நுழையாத வேறு கணினியில் மெயில் வழியாக மட்டும் ரீசெட் பண்ணுங்கள். மீட்புச் சாவி எதுவும் கேட்காமல் பில் திறந்தால் சாவி அவர்களிடம்தான். திறக்காவிட்டால் நல்ல அறிகுறி, அவ்வளவுதான். பிரவுசரில் பாஸ்வேர்ட் அடித்தால் அதை வாங்கும் நிரலும் அவர்கள் அனுப்புவது; நாளைக்கே மாற்றி அனுப்பலாம்.

செங்கோட்டை ஸ்டூடியோ: எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். புனலூர்க் கல்யாணம், மூவாயிரம் படம். சாவிச் சொற்றொடரை ஆல்பம் போடும் பையன்தான் வைத்தான். அவன் வேலையை விட்டுப் போனதும் படமும் போச்சு. கஸ்டமர் கேரில் "எங்களாலும் முடியாது" என்றார்கள். ரீசெட் உள்ளதே எனக்கு மேல்.

கம்பத்துக்காரன்: நான் restic என்ற பேக்கப் நிரல் வைத்திருக்கிறேன். போன மாதம் லேப்டாப் திருடு போனதும் `restic key passwd` கொடுத்து மாற்றிவிட்டேன். பாதுகாப்புதானே?

மலைப்பாதை: பாதிதான். பாஸ்வேர்ட் திறப்பது ஒரு சிறு சாவிக் கோப்பை. உள்ளே இருக்கும் முதன்மைச் சாவிதான் தரவைப் பூட்டுகிறது, அது மாறவில்லை. பழைய சாவிக் கோப்பின் நகலும் பழைய பாஸ்வேர்டும் எவனிடமாவது இருந்தால், சேமிப்பகத்தை அவனால் எட்ட முடிகிறவரை புதிதாக ஏற்றுவதையும் படிப்பான். லேப்டாப்பில் இருந்த கிளவுட் அணுகல் சாவியை முதலில் ரத்து பண்ணுங்கள். அதுவும் போதாது என்று தோன்றினால் புது முதன்மைச் சாவியோடு புது ரெப்போ, அதாவது புது பேக்கப் கிடங்கு, தொடங்குங்கள்.

இன்னொன்று. உள்ளடக்கம் தெரியாவிட்டாலும் எத்தனை ஜிபி, எந்த நேரம், எந்த ஐபி என்பது நிறுவனத்துக்குத் தெரியும். அழிக்கவும் முடியும். ஜீரோ என்ற சொல் இதற்கெல்லாம் பொருந்தாது.

குமுளிக் கணக்கர்: சோதித்தேன். ரீசெட் ஆனதும் பில் பளிச்சென்று திறந்தது! கேட்டால் "மீட்பு வசதி" என்கிறார்கள். ஆனால் என் முதலாளிக்கு அறுபத்தெட்டு வயது, சாவியை அவரிடம் எப்படிக் கொடுப்பது?

செங்கோட்டை ஸ்டூடியோ: அதனால்தான் சொன்னேன், இதிலேயே இருங்கள்.

மலைப்பாதை: ஜிஎஸ்டி கணக்கும் கடன் நோட்டும் இருக்கும்போது நான் இருக்க மாட்டேன் சார். சாவியைத் தாளில் எழுதி, ஒன்று கடை பீரோவில், ஒன்று அவர் மகள் வீட்டில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தத் தாளைப் பார்த்தே ஒரு பில்லைத் திறந்து பாருங்கள்.

குமுளிக் கணக்கர்: மழைக்காலத்தில் அந்த பீரோவில் ரசீதுகூடப் பூசணம் பிடிக்கிறது. லேமினேட் பண்ணித்தான் வைக்க வேண்டும்.