மூன்றாம் குழு என்று காத்திருந்தேன், கேட் மூடிவிட்டார்கள்

கிருஷ்ணகிரியிலிருந்து எழுதுகிறேன். சென்ற மாதம் அக்கா மகளின் நிச்சயதார்த்தத்திற்காக, பெங்களூரு தேவனஹள்ளி விமான நிலையத்திலிருந்து தில்லிக்குக் காலை 7.10 மணி விமானத்தில் பயணச்சீட்டு எடுத்திருந்தேன். நள்ளிரவு 1 மணிக்கே வாடகைக் காரில் புறப்பட்டதால், 5.35-க்குள் பெட்டியை ஒப்படைத்து, 6.10-க்குப் பாதுகாப்புச் சோதனையையும் முடித்துவிட்டேன். என் போர்டிங் பாஸில் குழு எண் 3 என்றும், கேட் மூடும் நேரம் 6.45 என்றும் அச்சிட்டிருந்தது. முதலிரண்டு குழுக்களும் ஏறி முடிக்கவே அரை மணி நேரமாகும், நம்மைக் கூப்பிடும்போது போகலாம் என்று நினைத்து, சற்றுத் தள்ளியிருந்த கடையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கியில் எந்த அழைப்பும் என் காதில் விழவில்லை. 6.49-க்குக் கேட்டை அடைந்தபோது மேசையில் இருந்த பெண், "சார், மூடியாகிவிட்டது" என்றார். கண்ணாடிக்கு அப்பால் விமானம் அப்படியே நின்றது, ஏறுபாலம்கூட விலகவில்லை. இன்னும் 21 நிமிடம் இருக்கும்போது ஏன் ஏற்றக் கூடாது என்பதுதான் இன்றுவரை என் மனத்தில் இருக்கும் கேள்வி.

காவேரிப்பட்டணம் நண்பர்: அண்ணா, உங்கள் பெட்டி உள்ளே போயிருந்ததென்றால் அவர்கள் காத்திருந்திருக்க வேண்டும். ஆள் இல்லாமல் பெட்டி மட்டும் பறக்கக் கூடாது என்பது விதி. சென்னையில் எனக்கு இதேபோல் தாமதமானபோது, இரண்டு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டார்கள். உங்களிடம் அநியாயமாக நடந்துகொண்டிருக்கிறார்கள்.

பாலக்கோடு வாசகி: எனக்கும் இதுவே நடந்தது. 55 நிமிடத்திற்கு முன்பே போய்விட்டேன், ஆனால் பெட்டியை வாங்க மறுத்துவிட்டார்கள். கேட் அவ்வளவு சீக்கிரமா மூடுகிறார்கள்?

ஓசூரிலிருந்து, முன்பு கேட் பணியில் இருந்தவள்: பாலக்கோடு அம்மா, உங்களுக்கு மூடியது கேட் அல்ல, செக்-இன் கவுன்டர். உள்நாட்டுப் பயணத்தில் அது பெரும்பாலும் 60 நிமிடத்திற்கு முன்பும், கேட் 25 நிமிடத்திற்கு முன்பும் மூடப்படும். கையில் பெட்டி இல்லாதவருக்கும் இரண்டாவது கெடு உண்டு.

கிருஷ்ணகிரி அண்ணன் கேட்டதற்கு வருகிறேன். 7.10 என்பது விமானம் நின்ற இடத்திலிருந்து பின்னோக்கி நகரத் தொடங்க வேண்டிய நேரம். அதற்குள் கதவுகள் அடைத்து, பாலமும் விலகியிருக்க வேண்டும். 6.45-க்குக் கேட்டை மூடியதும் ஏறியவர்களின் எண்ணிக்கையைச் சரிபார்ப்போம். ஒருவர் குறைந்தால் அவருடைய பெட்டி எந்தப் பகுதியில் ஏற்றப்பட்டது என்று பார்த்து, சரக்கறையைத் திறந்து, குறிச்சீட்டு எண்ணை ஒப்பிட்டு அதை இறக்க வேண்டும். பிறகு பயணிகளும் பெட்டிகளும் எவ்வளவு எடை என்ற லோட் ஷீட்டைத் திருத்தி விமானியிடம் கொடுக்க வேண்டும். நீங்கள் பார்த்த அந்த 21 நிமிடத்தில் இந்த வேலைதான் நடந்துகொண்டிருந்தது.

காவேரிப்பட்டணம் தம்பி சொல்வதில் பாதி சரி. ஆள் இல்லாமல் பெட்டி போகாது என்பது உண்மை, ஆனால் அதற்காக விமானம் நிற்காது, பெட்டிதான் இறங்கும். பெட்டியைத் தேடுவதைவிட ஆளைத் தேடுவது சுலபமாக இருந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். உங்களுக்கு அது வாய்த்தது. இப்போது பல நிலையங்களில் ஒலிபெருக்கி அறிவிப்பையே குறைத்துவிட்டதால் திரையைத்தான் பார்க்க வேண்டும். குழு எண் வரிசையில் யார் முன்னே நிற்பது என்பதை மட்டும்தான் சொல்லும். 1 ஆனாலும் 3 ஆனாலும் மூடும் நேரம் ஒன்றுதான். கடைசிக் குழுவில் இருப்பவருக்கே அவகாசம் மிகக் குறைவு. மூடிய பின் உங்கள் பெயர் வராதவர் கணக்கில் சேர்ந்து, அந்த இருக்கை காத்திருப்பில் உள்ளவருக்குப் போகலாம். நேரத்திற்கு வந்தும் இடம் மறுக்கப்பட்டவருக்கு உரிய இழப்பீடும் இதில் கிடைக்காது.

கிருஷ்ணகிரியிலிருந்து: விளக்கத்திற்கு நன்றி, அக்கா. என் பெட்டியும் நீங்கள் சொன்னபடியே இறங்கியது. ஊழியர் ஒருவர் என்னை வருகைப் பகுதிக்கு அழைத்துச் சென்றார். ஒரு மணி நேரத்திற்கும் மேலாகக் காத்திருந்த பின், தில்லிக் குறிச்சீட்டு அப்படியே தொங்க, பெட்டி ஒரு தள்ளுவண்டியில் தனியாக வந்தது. மாலை விமானத்திற்குப் புதிதாகச் சீட்டு எடுத்தேன். அடிப்படைக் கட்டணம் போய்விட்டது. வரிகளையும் விமான நிலையக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்பதால் அதற்கு எழுதியிருக்கிறேன்.

தருமபுரி நண்பர்: காபி குடித்தவரை விடுங்கள். பாதுகாப்புச் சோதனை வரிசையிலேயே முக்கால் மணி நேரம் நின்று தாமதமானவருக்கும் இதே பதில்தானா?

ஓசூரிலிருந்து: வரிசையில் நிற்கும்போதே அங்குள்ள விமான நிறுவன ஊழியரிடம் சொன்னால், நேரம் நெருங்கியவர்களை முன்னால் அழைத்துச் செல்வதுண்டு. ஆனால் கேட் மூடிய பின் அந்தக் காரணத்தை ஏற்றுக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன், மறுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.