ரீச், ஃப்ரீக்வென்சி கணக்கில் விளம்பரச் சோர்வைக் கண்டறிவது பற்றி ஓர் ஐயம்

குழு நண்பர்களுக்கு வணக்கம். கைத்தறிப் புடவைக் கடை ஒன்றுக்காக ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் நான்கு வாரங்களாக ஒரே காணொளி விளம்பரத்தை நடத்தி வருகிறேன். அதன் கணக்கைச் சரியாகப் படிக்க உங்கள் உதவி வேண்டும்.

முதல் வாரத்தில் விளம்பரம் 40,000 பேருக்கு 60,000 முறை காட்டப்பட்டது. அதாவது ஆளுக்குச் சராசரியாக 1.5 முறை. நான்காம் வாரத்தில் 25,000 பேருக்கு 75,000 முறை காட்டப்பட்டதால் சராசரி 3 ஆகிவிட்டது, கிளிக் விகிதமோ 1.8 சதவீதத்திலிருந்து 0.9 ஆகச் சரிந்தது. ஆயிரம் காட்சிக்கான செலவு ஏறக்குறைய மாறாததால், ஏலப் போட்டியை இதற்குக் காரணமாகச் சொல்ல முடியவில்லை.

வாராந்திர ரீச்சைக் கூட்டினால் அதே ஆட்கள் திரும்பத் திரும்ப எண்ணப்படுவார்கள் என்பதால், தேதி வரம்பைத் தொடக்க நாளிலிருந்து விரித்துப் பார்த்தேன். மூன்றாம் வார முடிவில் 50,000 ஆக இருந்த மொத்த ரீச் இப்போது 52,000 மட்டுமே. கடைசி வாரப் பணத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே பார்த்தவர்களிடமே போயிருக்கிறது என்பதே என் கணிப்பு.

ஆனால் சலித்தது காணொளியா, அல்லது விளம்பரம் குறிவைத்த பார்வையாளர் வட்டத்தில் வாங்கக்கூடியவர்கள் தீர்ந்துவிட்டார்களா என்பதுதான் என் கேள்வி. இதே வட்டத்துக்குப் புதிய காணொளியையும், புதிய வட்டத்துக்கு இதே காணொளியையும் தனித்தனியே ஓட்டிப் பார்க்க எண்ணுகிறேன். சிலருக்குப் பத்து முறையும் பலருக்கு ஒரே முறையும் காட்டப்பட்டிருந்தாலும் சராசரி 3 என்றே வரக்கூடும் என்பதால், அந்தப் பரவலைக் கணிக்கும் வழி தெரிந்தவர்கள் விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.