உதவி தேவை: ‘கசின்’ என்பதற்குத் தமிழில் ஒரே சொல் உண்டா?

இரவுமேசை (இரவு 11.40)
வணக்கம். ஆங்கிலத்தில் ‘கசின்’ என்று வரும் சொல்லுக்கு எல்லா இடங்களிலும் பொருந்தக்கூடிய ஒரே தமிழ்ச் சொல் வேண்டும். நான் மொழிபெயர்க்கும் அத்தியாயத்தில் இச்சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. காலையில் பதிப்பகத்துக்கு அனுப்பியாக வேண்டும் என்பதால், விழித்திருப்பவர்கள் விரைந்து உதவுங்கள்.

கரந்தைக்காரன் (11.46)
ஆணா, பெண்ணா? தாய்வழியா, தந்தைவழியா? மூத்தவரா, இளையவரா? இவை தெரியாமல் தமிழில் ஓர் உறவைப் பெயரிட முடியாது. யாருடைய வரலாறு என்றாவது சொல்லுங்கள்.

மரபுநோக்கி (11.49)
கேள்வி கேட்பதற்கு முன் அகராதியைப் புரட்டும் வழக்கம் இந்தக் குழுவில் அருகிவிட்டது. ‘ஒன்றுவிட்ட சகோதரன்’, ‘ஒன்றுவிட்ட சகோதரி’ என்று நல்ல வழக்கு இருக்கிறது. அதை எழுதிவிட்டு உறங்கச் செல்லலாம்.

சாலைக்கிணறு (11.55)
எனக்கும் இதே சிக்கல் வந்தது. என் மகனின் விசா விண்ணப்பத்தில் அழைப்பவரின் உறவைக் கேட்டிருந்தார்கள். அத்தை மகன் என்பதால் ‘கசின்’ என்று எழுதினோம், ஏற்றுக்கொண்டார்கள். நீங்களும் அப்படியே எழுதுங்கள்.

இரவுமேசை (நள்ளிரவு 12.04)
ஐயா, இது விண்ணப்பம் அன்று. டார்வின் குடும்ப வரலாறு. நான் நின்றுவிட்ட வாக்கியம் இதுதான்: எம்மாவின் அண்ணன் ஹென்ஸ்லி வெட்ஜ்வுட் 1832இல் ஒரு கசினை மணந்தார், பின்னர் எம்மாவும் ஒரு கசினையே மணந்தார் என்று மூலம் சொல்கிறது. எம்மா மணந்தவர் சார்லஸ் டார்வின். ‘ஒன்றுவிட்ட சகோதரனை மணந்தார்’ என்று எழுதிப் பார்த்தேன், படிக்கவே கூசுகிறது.

நல்லூர்ப் பெறாமகள் (12.11)
எங்கள் ஊரில் இதற்குத் தடுமாற்றமே இல்லை. தாய்மாமனின் மகள் மச்சாள், அத்தையின் மகன் மச்சான். டார்வினின் தாய் சுசன்னா, எம்மாவின் தந்தை இரண்டாம் ஜோசையா வெட்ஜ்வுட்டின் கூடப்பிறந்தவர். ஆகவே சார்லஸ் எம்மாவுக்கு மச்சான். இரண்டு இடங்களிலும் மச்சான், மச்சாள் என்று எழுதுங்கள்.

கரந்தைக்காரன் (12.25)
எம்மாவைப் பொறுத்தவரை அம்மா சொல்வது மிகச் சரி. 1839 ஜனவரி 29இல் நடந்த அந்தத் திருமணம் நம் கணக்கில் மாமன் மகளை மணந்த திருமணம்தான். அதற்கு முன்பே, 1837இல், சார்லஸின் அக்காள் கரோலின் எம்மாவின் அண்ணன் மூன்றாம் ஜோசையாவை மணந்திருந்தார். நம் ஊர்களில் இதைப் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது என்பார்கள். தமிழ் வாசகர் இங்கே முகம் சுளிக்கவே மாட்டார்.

ஹென்ஸ்லியின் திருமணம்தான் வேறு கதை. அவர் மணந்த பிரான்சிஸ், சர் ஜேம்ஸ் மக்கின்டாஷின் மகள். பிரான்சிஸின் தாய் கேதரினும் ஹென்ஸ்லியின் தாய் பெஸ்ஸியும் ஆலன் குடும்பத்தில் உடன்பிறந்த சகோதரிகள். அவர்களுள் பெஸ்ஸி மூத்தவர். அப்படியானால் பிரான்சிஸ் நம் முறைப்படி சித்தி மகள், அதாவது சகோதரி. ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் அடங்கும் இரண்டு திருமணங்களில், ஒன்று நமக்கு முறையான திருமணம், மற்றொன்று நினைக்கவும் கூடாதது. ‘மச்சாள்’ என்று எழுதினால் ஹென்ஸ்லிக்கு அது பொய்யாகும். ‘ஒன்றுவிட்ட சகோதரி’ என்பது ஹென்ஸ்லியின் உறவுக்குப் பொருந்தினாலும், எம்மாவுக்குப் பொருந்தாது.

மரபுநோக்கி (12.31)
நான் சொன்ன சொல் பாதிக்காவது பொருந்துகிறது என்று ஒப்புக்கொண்டதற்கு நன்றி. வாசகர் கூசினால் அது வாசகரின் சிக்கல்.

தெற்குவீதி (12.38)
எதற்கு இவ்வளவு சுற்று? நகரத்துப் பிள்ளைகள் எல்லோரும் ‘கசின்’ என்றுதான் சொல்கிறார்கள். அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிவிட்டால் யாருக்கும் புரியும்.

நல்லூர்ப் பெறாமகள் (12.43)
புரியும் என்பது உண்மைதான், தம்பி. ஆனால் எதைப் புரிந்துகொள்வார்கள்? தமிழ்நாட்டில் ‘கசின் பிரதர்’, ‘கசின் சிஸ்டர்’ என்று வால் சேர்த்துச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். வால் இல்லாமல் எழுதினாலும் வாசகர் மனத்தில் அண்ணன் தங்கை நினைவுதான் எழும். அந்த நினைவோடு திருமணத்தைப் படிக்க வைப்பீர்களா?

தெற்குவீதி (12.47)
என் வீட்டில் மாமன் மகளையும் சித்தப்பா மகளையும் கசின் என்றே அறிமுகப்படுத்துகிறோம். யாரும் குழம்புவதில்லை. மொழி மாறுவதை நீங்கள் தடுக்க முடியாது.

மரபுநோக்கி (12.50)
மொழி மாறவில்லை, உங்கள் வீட்டில் உறவுப்பெயர்கள் மறைகின்றன. இரண்டும் ஒன்றன்று.

தெற்குவீதி (12.52)
என் வீட்டைப் பற்றிப் பேசாமல் மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேசுங்கள், ஐயா.

கரந்தைக்காரன் (1.05)
இருவரும் பொறுத்தருள்க. இந்த வாக்கியத்துக்கு உறவுப்பெயரே வேண்டாம் என்பது என் கருத்து. ‘ஹென்ஸ்லி தம் தாயின் தங்கை மகளை மணந்தார், பின்னர் எம்மா தம் தந்தையின் சகோதரி மகனை மணந்தார்’ என்று வழியை மட்டும் சொல்லுங்கள். ‘சித்தி மகள்’ என்ற பெயரில் சித்தி தாயாகிவிடுகிறார், மகள் சகோதரியாகிவிடுகிறார். ‘தாயின் தங்கை மகள்’ என்னும்போது அந்த வேகம் சற்றுக் குறைகிறது, உண்மையும் குறைவதில்லை. அவர்கள் நாட்டில் எட்டாம் ஹென்றி காலத்து 1540ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு இவ்விரு திருமணங்களுக்கும் தடையில்லை என்பதை ஓர் அடிக்குறிப்பில் சொன்னால் போதும்.

நல்லூர்ப் பெறாமகள் (1.12)
அப்படி எழுதினால் ஆங்கில ஆசிரியர் பார்க்காத வேறுபாட்டை நாம் புகுத்தியதாகாதா? அவருக்கு இரண்டும் ஒரே செய்தி. ஒரே குடும்பம் தனக்குள்ளேயே மணந்துகொண்டது என்பதைத்தான் அவர் சொல்ல வருகிறார்.

கரந்தைக்காரன் (1.20)
நியாயமான கேள்வி, அம்மா. அதற்கு முழு விடை என்னிடம் இல்லை. வாக்கியத்தின் தொடக்கத்தில் ‘அண்ணனும் தங்கையும் உறவுக்குள்ளேயே மணந்தார்கள்’ என்று சேர்த்தால் ஆசிரியரின் கருத்து ஓரளவு காப்பாற்றப்படும் என்று நினைக்கிறேன்.

இரவுமேசை (1.27)
இன்னோர் இடமும் இருக்கிறது. 1871ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கசின் திருமணம் பற்றிய கேள்வியைச் சேர்க்க வேண்டும் என்று டார்வின் முயன்றதும், நாடாளுமன்றம் அதை மறுத்ததும் வருகின்றன. அங்கே குறிப்பிட்ட ஆள் யாரும் இல்லை. ‘முறைப்பெண் திருமணம்’ என்று எழுதிவிடலாமா?

கரந்தைக்காரன் (1.36)
கூடாது. முறைப்பெண் என்றால் மாமன் மகளும் அத்தை மகளும் மட்டுமே அடங்குவார்கள். டார்வின் கேட்க விரும்பியது நால்வகையையும் சேர்த்து. தம் பிள்ளைகளின் உடல்நலக் குறைவுக்குத் தம் திருமணமே காரணமோ என்ற அச்சம் அவருக்கு இருந்தது. அவர் நோக்கியது இரத்த நெருக்கத்தை, முறையை அன்று. ‘இரத்த உறவுத் திருமணம்’ என்று எழுதினால் நம் பக்கத்து அக்காள் மகள் திருமணமும் உள்ளே நுழைந்துவிடும். ‘உடன்பிறந்தோரின் பிள்ளைகள் தமக்குள் செய்துகொள்ளும் திருமணம்’ என்பது நீளமானதுதான், ஆனால் நான்கையும் தழுவும், நான்கைத் தாண்டாது. முதல் முறை முழுதாக எழுதி, அடுத்து வரும் இடங்களில் ‘இத்தகைய திருமணம்’ என்று சுருக்கிக்கொள்ளுங்கள்.

மரபுநோக்கி (1.41)
ஒரு சொல் கேட்டவருக்கு ஒரு வரியைக் கொடுத்திருக்கிறீர்கள். இதைக் கலைச்சொல் என்று யாரும் ஏற்க மாட்டார்கள்.

இரவுமேசை (விடியற்காலை 4.50)
கரந்தைக்காரன் ஐயா சொன்னபடி இரண்டு இடங்களையும் எழுதி அனுப்பிவிட்டேன். அடிக்குறிப்பைப் பதிப்பாசிரியர் விட்டுவைப்பாரா என்பது தெரியவில்லை. அனைவருக்கும் நன்றி.

நல்லூர்ப் பெறாமகள் (காலை 7.15)
கேம்பிரிட்ஜில் டார்வினுக்கு வண்டு சேகரிப்பதை அறிமுகப்படுத்திய வில்லியம் டார்வின் ஃபாக்ஸும் உங்கள் அத்தியாயத்தில் வருகிறாரா? அவர் இரண்டாம் நிலைக் கசின். அவருடைய தாயும் டார்வினின் தந்தையும் அண்ணன் தம்பி பிள்ளைகள் என்பதால், தாய் அத்தை முறை, ஃபாக்ஸ் மச்சான் முறை. அவரை என்னவென்று எழுதினீர்கள்?