புதுப்பிப்பு: மாங்கூழ் ஆலை பேனல் வேலை, கையெழுத்து கிடைத்துவிட்டது

நான் கேட்டது: "கிருஷ்ணகிரியில் பேனல், கேபிள் வேலை முடிந்து ஆலை ஓடுகிறது. பார்ட்டி பணி முடிவுச் சான்றில் கையெழுத்து போட மாட்டேன் என்கிறார். பைனல் பில் எப்படிப் போடுவது?"

எல்லோருக்கும் நன்றி. பலித்தது ஓசூர் அண்ணன் சொன்ன வழி. பார்ட்டி சொன்ன 14 குறைகளை ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டு, மேனேஜரோடு ஆலையைச் சுற்றினேன். 9 தான் எங்கள் குறை. தளர்ந்த கிளாண்ட், டேக் இல்லாத கேபிள் மாதிரி. கேட் விளக்கு உட்பட மீதி 5 புதுசு, அதற்குத் தனிக் கொட்டேஷன். 7 குறைகளைச் சரிசெய்தோம். ஸ்பேர் வரவேண்டிய 2-ஐத் தேதியோடு சான்றின் இணைப்பில் எழுதியதும் பார்ட்டி கையெழுத்திட்டார்.

"ஆலை ஓடினாலே ஏற்றுக்கொண்ட மாதிரி" என்ற தருமபுரி நண்பர் பாதி சரி. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருக்கணும், எங்களதில் இல்லை. வீட்டு வயரிங் பாக்கி பற்றி எழுதியவரே, உங்களுடையதில் எழுத்தில் ஒப்பந்தமே இல்லையே, அது வேறு கதை.

எதிர்பாராத சிக்கல் பைனல் பில்லில். நான் போட்டது 640 மீட்டர் கேபிள், அவர்கள் தரையில் டேப் பிடித்தது 598. டிரெஞ்சோ மூடியாச்சு. கடைசியில் கேபிள் உறையில் மீட்டருக்கு மீட்டர் அச்சடித்த எண்ணை இரு முனையிலும் பார்த்துக் கழித்தோம். நான்கு கேபிளும் சேர்த்து 622. அவர்கள் லூப்பை அளக்காமல் விட்டிருந்தார்கள், நான் வெட்டுத் துண்டையும் சேர்த்திருந்தேன். 622-க்கே பில். மூடும் முன் கூட்டாக அளந்து கையெழுத்து வாங்கணும் என்று ஆபீஸ் பைலில் எழுதி வைத்தாச்சு.

எலக்ட்ரீசியன் மூவரைக் கணக்குத் தீர்த்து அடுத்த சைட்டுக்கு அனுப்பிவிட்டேன். ஒருவர் ஸ்பேருக்காக இருக்கிறார். அந்த 2 குறைக்கு எவ்வளவு பணம் பிடிப்பது என்பதில் இன்னும் இழுபறிதான்.